ஒரே கேள்வி, ரெண்டு மறுமொழி

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நல்லூரில் ஒரு வீட்டில் அறுபது வயது அம்மா ஒருவர் புதுச்சீலை உடுத்திக்கொண்டு ஒரு கேக்குக்காகக் காத்திருந்தார். கேக் வரவில்லை. வராததற்குக் காரணம் நான்.

யாழ்ப்பாணத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் எங்கட ஒபிஸ் இருந்தது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் இணையத்தில் காசு கட்டினால், ஊரில் இருக்கிற அம்மா அப்பாவுக்கு கேக், பூ, சீலை, சாமான் பொதி எல்லாம் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற கடை அது. பேர் வேண்டாம். நான் அங்கே வாடிக்கையாளர் சேவையில் இருந்தேன். அதாவது "பொதி எங்க?", "விலாசம் பிழையாப் போச்சு", "ஏன் ரோஜாப்பூவுக்குப் பதிலா செவ்வந்தி வந்தது?" போன்ற கேள்விகளுக்கு மறுமொழி எழுதுகிற வேலை. கேள்விகள் ரெண்டு வழியாக வரும். ஒன்று மெயில். மற்றது இணையதளத்தின் மூலையில் இருக்கிற சாட் பெட்டி. ஒவ்வொன்றும் வந்து விழும்போது மென்பொருள் அதற்கு ஒரு இலக்கம் போட்டு ஒரு ரிக்கெற் ஆக்கும். பகலில் நான் மெயில் பார்ப்பேன். இரவில் பக்கத்து மேசை அக்கா சாட் பார்ப்பா.

நடந்தது இதுதான். ஸ்காபரோவில் இருக்கிற ஒரு அண்ணை, சண்டிலிப்பாயில் இருக்கிற தன் அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்குக் கேக் ஓடர் பண்ணியிருந்தார். பிறகு திட்டம் மாறி, கொண்டாட்டம் நல்லூரில் சித்தி வீட்டில் என்றாகிவிட்டது. வெள்ளிக்கிழமை எங்கட நேரம் இரவு 9.31க்கு, அங்கே மத்தியானம், வேலை இடத்து மெயிலில் இருந்து நீளமாக எழுதினார். ஓடர் இலக்கம், பழைய விலாசம், புதிய விலாசம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. கடைசியில் ஒரு வரி: மாற்ற ஏலாட்டி கான்சல் பண்ணி விடுங்கோ.

மெயில் போனவுடன் எங்கட தானியங்கி மறுமொழி அவருக்குப் போயிருக்கும். "உங்கள் கேள்வி கிடைத்தது. 24 மணித்தியாலங்களுக்குள் பதிலளிப்போம்." ஞாயிற்றுக்கிழமை வேண்டிய கேக்குக்கு 24 மணித்தியாலம் என்றால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? 9.52க்கு அவர் சாட் பெட்டியைத் திறந்தார். போனில், பேருந்துக்கு நிற்கிறபோதோ என்னவோ, துண்டு துண்டாக எழுதினார். ஹலோ. ஆரும் இருக்கிறீங்களா? கேக் விலாசம் மாத்த ஏலுமா? நல்லூர் வீடு.

அக்கா இருந்தா. அவரின் போன் இலக்கத்தை வைத்து ஓடரைத் தேடிப் பிடித்து, கேக் செய்கிற கடைக்கு நேரடியாக போன் எடுத்துச் சொல்லி, விலாசத்தை மாற்றிவிட்டா. "மாத்தியாச்சு அண்ணை, யோசிக்காதேங்கோ" என்று சாட்டில் எழுதி ரிக்கெற்றை மூடினா. மாற்றிய விவரத்தை அந்தச் சாட் ரிக்கெற்றின் உட்குறிப்பில் எழுதினா. ஓடரில் எழுதவில்லை. அது பிழையில்லை, அப்போது அப்படித்தான் எல்லாரும் செய்தோம்.

சனி காலை நான் வந்து மெயில் வரிசையைத் திறந்தேன். அந்த மெயில் இருந்தது. ஓடரைப் பார்த்தேன். கடைக்குக் கொடுத்தாகிவிட்டது என்று காட்டியது. கடைக்குக் கொடுத்த பிறகு விலாசம் மாற்றுவதில்லை என்பது எங்கட விதி. மாற்ற ஏலாட்டி கான்சல் பண்ணச் சொல்லி அவரே எழுதியிருக்கிறார். நான் கான்சல் பண்ணி, காசைத் திருப்பி அனுப்பி, மரியாதையாக ஒரு மெயில் எழுதினேன். அந்த மெயில் அவரின் வேலை இடத்துப் பெட்டிக்குப் போனது. சனி, ஞாயிறு அவர் அதைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அவர் எழுதியதில் ஒரு ஏச்சும் இல்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ரெண்டு தரம் கேட்டேன், ரெண்டு மறுமொழி தந்தீங்கள், எதை நம்பியிருக்க வேணும் என்று நீங்களே சொல்லுங்கோ என்று மட்டும் எழுதியிருந்தார்.

அன்றைக்கு மத்தியானம் ரீம் லீட் அண்ணை என்னையும் அக்காவையும் கூப்பிட்டார். அக்கா அழுகிற மாதிரி இருந்தா. "நான் மாத்தினதை அவருக்குத் தெரியாதே அண்ணை" என்று என்னைக் காட்டிச் சொன்னா. அண்ணை கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது ஆக்களின்ர பிழையில்லை. ரெண்டும் ஒண்டு எண்டு மெஷினுக்குத் தெரியேல்லை. தெரியப்பண்ண ஏலுமோ எண்டு பாருங்கோ" என்றார். எனக்குக் கொஞ்சம் பைதன் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். அப்படித்தான் இந்த வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் நான் நினைத்தது, இது ஏற்கனவே தீர்ந்த பிரச்சினையாகத்தான் இருக்கும் என்று. ஏனென்றால் ஒரே ஆள் ஒரு மெயிலுக்கு மறுமொழியாக இன்னொரு மெயில் போட்டால் எங்கட மென்பொருள் அதை அழகாக அதே ரிக்கெற்றில் சேர்த்துவிடும். எப்படிச் சேர்க்கிறது என்று தேடிப் பார்த்தேன். ஒவ்வொரு மெயிலின் தலைப்பகுதியிலும் நாங்கள் பார்க்காத சில வரிகள் இருக்கின்றன. `Message-ID` என்ற வரியில் அந்த மெயிலுக்கே உரிய ஒரு அடையாளம் இருக்கும். மறுமொழி எழுதும்போது `In-Reply-To` என்ற வரியில் பழைய மெயிலின் அடையாளம் வந்து உட்காரும். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனால் எது எதற்கு மறுமொழி என்று தெரிந்துவிடும். எழுதியதைப் படிக்கவே தேவையில்லை.

சாட்டுக்கு அப்படி ஒரு நூல் கிடையாது. பெட்டியைத் திறக்கிறபோது பிரவுசருக்கு ஒரு இலக்கம் கொடுக்கப்படும், அவ்வளவுதான். போனில் திறந்தால் ஒரு இலக்கம், லப்டொப்பில் திறந்தால் வேறொன்று. மெயிலுக்கும் சாட்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரே தொடர்பு அந்த மனிசர்தான். அவர் தன்னைப் பற்றி ரெண்டு இடத்திலும் என்ன எழுதினாரோ, அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதனால் கேள்வி ரெண்டாகப் பிரிகிறது. ஒன்று, ரெண்டும் ஒரே ஆளிடம் இருந்து வந்ததா? மற்றது, ரெண்டும் ஒரே விசயம் பற்றியதா? ரெண்டுக்கும் ஓம் என்றால்தான் இரட்டை. ஒரே ஆள் காலையில் கேக் பற்றியும் மத்தியானம் சீலை பற்றியும் கேட்கலாம். ஒரே கேள்வியை நூறு பேர் கேட்கலாம். தீபாவளிக் கிழமையில் எங்களுக்கு வருகிற கேள்வியில் பாதி "பொதி எங்க?" தான்.

நான் இதைத் தலைகீழாகத் தொடங்கினேன். ஆளைப் பார்க்காமல் எழுத்தைப் பார்த்தேன். ரெண்டு செய்தியிலும் ஒரே சொற்கள் நிறைய இருந்தால் அது இரட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ரெண்டிலும் பொதுவாக இருக்கிற சொற்களின் எண்ணிக்கையை, ரெண்டையும் சேர்த்தால் வருகிற வெவ்வேறு சொற்களின் எண்ணிக்கையால் பிரிப்பது. ஜக்கார்ட் அளவு என்பார்கள். ஒன்று வந்தால் முழுப் பொருத்தம், பூச்சியம் வந்தால் ஒன்றுமில்லை.

கேக் அண்ணையின் செய்திகளிலேயே போட்டுப் பார்த்தேன். வணக்கம், நன்றி எல்லாம் தட்டிவிட்டால், மெயிலில் மிஞ்சுகிற சொற்கள் பத்து என்று வையுங்கோ: ஓடர், கேக், விலாசம், மாற்ற, நல்லூர், சித்தி, வீடு, ஞாயிறு, அம்மா, பிறந்தநாள். சாட்டில் ஆறு: கேக், விலாசம், மாற்ற, நல்லூர், வீடு, ஏலுமா. பொதுவானவை ஐந்து. மொத்தம் வெவ்வேறு சொற்கள் பதினொன்று. 5/11, கிட்டத்தட்ட 0.45.

அதே இரவு வேறொருவர் சாட்டில் கேட்டிருந்தார்: கேக், விலாசம், மாற்ற, கொக்குவில், வீடு, ஏலுமா. இவருக்கும் அந்த அண்ணைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் அவரின் சாட்டையும் இவரின் சாட்டையும் ஒப்பிட்டால் பொதுவானவை ஐந்து, மொத்தம் ஏழு. 5/7, 0.71.

உண்மையான இரட்டைக்கு 0.45. யாரென்றே தெரியாத ஆளுக்கு 0.71. எந்த இடத்தில் கோடு போட்டாலும் பிழையான சோடிதான் முதலில் உள்ளே வரும்.

ஏன் என்று யோசித்தால் விளங்கும். மெயிலில் மனிசர் கதை சொல்லுவார், சாட்டில் துண்டு போடுவார். ஒரே ஆள் எழுதினாலும் நீளம் வேறு, அதனால் பொருத்தம் குறையும். ரெண்டு சாட்டுகளோ, யார் எழுதினாலும் ஒரே அளவுதான். நீளத்துக்கு வேறொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். மொத்தத்தால் பிரிக்காமல், ரெண்டில் சின்ன செய்தியின் சொற்களால் பிரிப்பது. அப்போது இதற்கும் ஆறில் ஐந்து, அதற்கும் ஆறில் ஐந்து. சமன். கேக், விலாசம், மாற்ற, வீடு எல்லாம் எங்கட கடையில் எல்லாரும் சொல்லுகிற சொற்கள். உண்மையில் ஆளைக் காட்டிக்கொடுப்பது நல்லூரா கொக்குவிலா என்ற ஒரு சொல்தான். அபூர்வமான சொல்லுக்கு அதிக புள்ளி, எல்லாரும் சொல்லுகிற சொல்லுக்குக் குறைந்த புள்ளி என்று கணக்கை மாற்றலாம். மாற்றியபோது நிலைமை கொஞ்சம் திருந்தியது.

ஆனால் நான் மேலே எல்லாவற்றையும் விளங்கட்டும் என்று தமிழில் எழுதியிருக்கிறேன். நிஜத்தில் அந்த மெயில் ஆங்கிலத்தில் இருந்தது. சாட் தமிழ், ஆனால் ஆங்கில எழுத்தில். நாங்கள் எல்லாரும் வட்ஸ்அப்பில் எழுதுகிற மாதிரி. 'வரேல்லை' என்பதை ஒருவர் ஒரு எல் போட்டு எழுதுவார், இன்னொருவர் ரெண்டு போடுவார், இந்தியாவில் இருந்து எழுதுகிறவர் 'வரலை' என்பார். கணினிக்கு இதெல்லாம் சம்பந்தமில்லாத மூன்று சொல். ஆங்கில மெயிலுக்கும் இதற்கும் பொதுவான சொல் தேடினால் கேக் மட்டும்தான் மிஞ்சும். எழுத்து ஒரு பலவீனமான சாட்சி என்று அப்போதுதான் ஒத்துக்கொண்டேன். ரெண்டு கிழமை போயிருந்தது.

பிறகுதான் ஆளைப் பார்க்கத் தொடங்கினேன். மெயிலில் அனுப்பியவரின் முகவரி இருக்கும். சாட்டில் பேர், போன் இலக்கம், மெயில் முகவரி மூன்றும் கேட்கிற ஒரு சின்னப் படிவம் இருக்கும். மெயில் முகவரி கட்டாயமில்லை, போன் இலக்கம் கட்டாயம். கையால் எழுதுவதால் முகவரி அப்படியே பொருந்தாது. முதல் எழுத்து பெரிசாக இருக்கும், கடைசியில் ஒரு இடைவெளி இருக்கும். ஜிமெயில் இன்னொரு விசித்திரம்: பேரின் நடுவில் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே பெட்டிக்குத்தான் போகும், கூட்டல் அடையாளத்துக்குப் பிறகு என்ன எழுதினாலும் போகும். அதனால் ஒப்பிட முதல் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

```python
import re

def mail_key(s):
    name, domain = s.strip().lower().split("@")
    if domain == "gmail.com":
        name = name.split("+")[0].replace(".", "")
    return name + "@" + domain

def phone_key(s):
    return re.sub(r"\D", "", s)[-9:]
```

புள்ளியை எடுப்பது ஜிமெயிலுக்கு மட்டும். வேறு இடங்களில் புள்ளி உள்ள பேரும் இல்லாத பேரும் ரெண்டு வேறு ஆட்களாக இருக்கலாம். போன் இலக்கத்தில் கடைசி ஒன்பதை மட்டும் எடுப்பது, ஒருவர் பூச்சியத்தில் தொடங்கி எழுதுவார், மற்றவர் 94 போட்டு எழுதுவார் என்பதற்காக. கனடா இலக்கங்களுக்கும் அது போதுமாக இருந்தது.

இதை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு ஆசை. முதல் முதலாக அந்தக் கேக் ரிக்கெற்றுகளைத்தான் இதற்குள் போட்டுப் பார்க்க வேண்டும். இது அன்றைக்கு இருந்திருந்தால் அந்த அம்மாவுக்குக் கேக் போயிருக்கும் என்று எனக்கு நானே காட்ட வேண்டும். போட்டேன். இரட்டை இல்லை என்றது.

மெயில் முகவரி பொருந்தாது என்பது எதிர்பார்த்ததுதான், மெயில் வேலை இடத்தில் இருந்து வந்தது, சாட் படிவத்தில் அவர் சொந்த ஜிமெயிலைக் கொடுத்திருந்தார். ஆனால் போன் இலக்கம்? மெயிலின் அடியில், அவரின் கையொப்பத்தில், அதே இலக்கம் இருக்கிறது. என் கண்ணால் பார்க்கிறேன். கணினி பார்க்கவில்லை. ஒரு மணித்தியாலம் தேடின பிறகு தெரிந்தது, பார்க்க விடாமல் செய்ததே நான்தான். எழுத்தை ஒப்பிடுகிற காலத்தில், சம்பந்தமில்லாத சொற்கள் கலக்கக்கூடாது என்று கையொப்பத்தையும் பழைய மெயிலின் மேற்கோளையும் வெட்டி எறிகிற ஒரு பகுதி எழுதியிருந்தேன். அது முதலில் ஓடியது. ஆளை அடையாளம் காட்டுகிற ஒரே வரியைக் குப்பையில் போட்டுவிட்டு, பிறகு ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். வரிசையை மாற்றினேன். முதலில் முழு மெயிலில் இருந்தும் போன் இலக்கம், ஓடர் இலக்கம் எல்லாம் பொறுக்கி எடுப்பது, பிறகு வெட்டுவது.

திரும்ப ஓட்டினேன். இரட்டை இல்லை.

இந்த முறை உண்மையாகவே கோபம் வந்தது. தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன். வந்து, ஏன் இல்லை என்பதைக் கணினி ஒவ்வொரு படியாக எழுதிக் காட்டும்படி செய்தேன். ஆள் ஒன்று என்கிறது. நேரத்தில் விழுந்துவிட்டது. நாலு மணித்தியாலத்துக்குள் வந்தால்தான் இரட்டை என்று ஒரு எல்லை வைத்திருந்தேன். இருபத்தொரு நிமிச இடைவெளியை அது 5 மணித்தியாலம் 9 நிமிசம் என்கிறது. அதுவும் சாட் முதலில், மெயில் பிறகு.

மெயில் 21.31. சாட் 16.22. அக்கா இரவில்தானே இருந்தா? 16.22க்கு அவ வேலைக்கே வந்திருக்கமாட்டா. பிறகுதான் உறைத்தது: மெயில் நேரம் இலங்கை நேரத்தில் பதிவாகிறது, சாட் நேரம் உலகப் பொது நேரத்தில். நாங்கள் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். 16.22ஓடு ஐந்தரையைக் கூட்டினால் 21.52. எல்லாச் சோடியிலும் இதே ஐந்தரை. ஒழுங்காக ஒரே அளவில் பிழைக்கிற நேரம் என்றால் அது கடிகாரத்தின் பிழையாகத்தான் இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். எல்லா நேரத்தையும் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டு ஓட்டினேன். மஞ்சள் வரி வந்தது. எல்லையையும் பிறகு மூன்று நாளாக்கினேன், ஏனென்றால் வெள்ளி இரவு கேட்டவர் திங்கள் காலையில் திரும்பக் கேட்பார்.

ரீம் லீட் அண்ணைக்குக் காட்டினேன். அவருக்குச் சந்தோசம். "அப்ப இனி தானா ரெண்டையும் ஒண்டாக்கி விடுவம்" என்றார். எனக்கும் அதுதான் எண்ணம். பொருந்தினால் ரெண்டு ரிக்கெற்றையும் ஒன்றாக இணைத்துவிடு, ஒரு ஆள் ஒரு மறுமொழி எழுதினால் போதும், அது ரெண்டு பக்கமும் போகும். நல்ல வேளையாக உடனே அதைச் செய்யாமல், ஒரு மாதம் மஞ்சள் வரி மட்டும் காட்டட்டும், கண்ணால் பார்த்துச் சரிபிழை குறிப்போம் என்று அக்கா சொன்னா. அவவுக்கு மெஷினில் நம்பிக்கை குறைவு.

மூன்றாம் கிழமை ஒரு மஞ்சள் வரி வந்தது. மெயில் ஒரு பெண்ணிடம் இருந்து: தான் வீடு மாறிவிட்டதாகவும், தனக்கு வர வேண்டிய சாமான் பொதியைப் புதிய விலாசத்துக்கு அனுப்பும்படியும் எழுதி, புதிய விலாசத்தைக் கொடுத்திருந்தார். அடுத்த நாள் சாட்டில் ஒருவர் அதே ஓடர் இலக்கத்தைப் போட்டு, இந்தப் பொதி எந்த விலாசத்துக்குப் போகுது என்று கேட்டிருந்தார். ஓடர் இலக்கம் பொருந்தினால் அதையே ஆளின் அடையாளமாக எடுத்துக்கொள் என்று நான் எழுதியிருந்தேன். எங்கட கடையில் ஓடருக்கு ஒரு இலக்கம்தான், அதைவிட உறுதியான சாட்சி என்ன இருக்கிறது என்ற துணிவு.

நான் சாட்டில் மறுமொழி அடிக்கத் தொடங்கிவிட்டேன். மெயிலில் இருந்த புதிய விலாசத்தைப் பிரதி பண்ணி ஒட்டியும் விட்டேன். அனுப்புகிற பொத்தானை அமத்த முதல், படிவத்தில் இருந்த பேரைப் பார்த்தேன். ஆம்பிளைப் பேர். போன் இலக்கம் வேறு. மெயில் முகவரி இல்லை.

அவர் யார்? தம்பியாக இருக்கலாம். காசு கட்டின மாமாவாக இருக்கலாம். ஆனால் ஓடர் இலக்கம் ரகசியம் இல்லை. பொதியின் மேல் ஒட்டுகிற தாளில் அது பெரிய எழுத்தில் இருக்கும். முந்தி வந்த பொதியின் தாளையோ, வீட்டில் யாருடைய போனிலோ வந்த குறுஞ்செய்தியையோ பார்த்த எவரும் அதை எழுதலாம். ஒரு பெண் ஏன் வீடு மாறினார் என்று எனக்குத் தெரியாது. அவர் எங்கே போனார் என்று யாருக்குத் தெரியக்கூடாது என்பதும் எனக்குத் தெரியாது.

ஒட்டினதை அழித்தேன். ஓடர் போட்ட மெயில் முகவரியில் இருந்து கேட்டால் விவரம் தரலாம் என்று எழுதினேன். அவர் மறுமொழி எழுதாமல் பெட்டியை மூடிவிட்டார். யாரென்று இன்றைக்கும் தெரியாது. நாங்கள் தானாக இணைக்க விட்டிருந்தால், அந்தப் பெண்ணுக்கு நான் முதல் நாள் எழுதியிருந்த "புதிய விலாசத்தைப் பதிந்துவிட்டோம், இதுதானே சரி?" என்ற மறுமொழி அவருக்கும் திறந்திருக்கும். திருப்பி எடுக்கவும் வழியில்லை. எங்கட மென்பொருளில் மட்டும் இல்லை, ஸென்டெஸ்க் மாதிரிப் பெரிய மென்பொருள்களிலும் இணைத்த ரிக்கெற்றைப் பிறகு பிரிக்க முடியாது.

கேக் விசயத்தில் நாங்கள் செய்தது இரட்டையைத் தவறவிட்டது. இங்கே செய்யப் பார்த்தது இரட்டை இல்லாததை இரட்டை ஆக்கியது. எழுதும்போது ரெண்டையும் 'பிழை' என்று ஒரே பெட்டியில் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்றில் ஒரு கேக் போகும், காசு திரும்பும், ஒரு மனிசர் மனம் நொந்து எழுதுவார். மற்றதில் என்ன போகும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு விதியை மாற்றினோம். ஓடர் இலக்கம் விசயத்தைத்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது. மெயில் முகவரியோ போன் இலக்கமோ பொருந்தினால்தான் ஆள் ஒன்று. ஆளும் விசயமும் பொருந்தினால், ரெண்டு ரிக்கெற்றுக்கும் நடுவில் ஒரு தொடுப்பு மட்டும் போடும், இணைக்காது. ஓடர் இலக்கம் மட்டும் பொருந்தினால் மஞ்சளுக்குப் பதிலாகச் சிவப்பு வரி வரும்: அதே ஓடர், வேறு ஆள், விவரம் சொல்ல முதல் பாருங்கோ. ஓடர் இலக்கம் இல்லாத இடத்தில் மட்டும் எழுத்து ஒப்பீட்டைப் பாவிக்கிறோம், அதுவும் ஆள் ஒன்று என்று தெரிந்த பிறகு. அந்த ரெண்டு கிழமை வேலை முழுக்க வீண் போகவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன்.

இன்னொரு ஓட்டையை அக்காதான் கண்டுபிடித்தா. ரிக்கெற் வந்து விழுகிற நேரத்தில் மட்டும்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம். மெயில் பெட்டியை மென்பொருள் ஐந்து நிமிசத்துக்கு ஒருமுறைதான் போய்ப் பார்க்கும். அதற்குள் சாட் வந்து, தேடி, ஒன்றும் இல்லை என்று முடிவெடுத்துவிடும். பிறகு மெயில் வந்து தொடுப்பைப் போட்டாலும், அக்கா சாட் பக்கத்தைத் திறந்து பாதி மறுமொழி அடித்துக்கொண்டிருப்பா, வரி அவவின் கண்ணில் படாது. "எனக்கு வரேக்க தேவையில்லை. அனுப்பேக்கதான் தேவை" என்றா. சரிதான். ரெண்டு முறை தேடுகிற மாதிரி மாற்றினேன்: வரும்போது ஒருமுறை, அனுப்புகிற பொத்தானை அமத்தும்போது இன்னொருமுறை. அந்த ரெண்டாவது தேடலில் ஏதும் அகப்பட்டால் பொத்தான் வேலை செய்யாமல் மற்ற ரிக்கெற்றைத் திறந்து காட்டும். முதல் கிழமை எல்லாரும் என்னை ஏசினார்கள்.

இதுக்கு அகப்படாதவை இப்பவும் இருக்கின்றன. மெயிலைத் தன் பேரில் போட்டுவிட்டு, சாட்டுக்கு மனைவியின் போனையும் மனைவியின் இலக்கத்தையும் கொடுக்கிற ஆட்களுக்குச் சிவப்பு வரிதான் வரும், நாங்கள் ஒரு கேள்வி கூடக் கேட்க வேண்டியிருக்கும். "நான்தானே மெயில் போட்டனான், திரும்ப ஏன் கேக்கிறீங்கள்?" என்று சலிப்பார்கள். குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே ஜிமெயில் என்றால் நேர்மாறு, அக்காவும் தம்பியும் கணினிக்கு ஒரு ஆள். இதற்கு நான் ஒன்றும் எழுதவில்லை. படித்துப் பார்க்கிறோம்.

ஒரு விசயத்தை மட்டும் கணினியில் இல்லாமல் செய்தோம். தானியங்கி மறுமொழியில் இருந்த 24 மணித்தியாலத்தை எடுத்துவிட்டு, ஓடர் இலக்கத்தையும், "சாட்டில் வந்து கேட்டாலும் இந்த ரிக்கெற் இலக்கத்தைச் சொல்லுங்கோ" என்ற வரியையும் போட்டோம். சிலர் சொல்லுகிறார்கள்.

போன மாதம் ஒருவர் விலாசம் மாற்ற மெயில் போட்டு, பத்து நிமிசத்தில் சாட்டுக்கும் வந்தார். மஞ்சள் வரி. நான் மெயிலைத் திறந்து முழுவதையும் படித்துவிட்டு, சாட்டில், "உங்கட மெயிலும் பாத்தனான் அண்ணை, மானிப்பாய் விலாசம்தானே?" என்று எழுதினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு, "ஓம் தம்பி. மெயிலிலயும் ஒருக்கா எழுதி விடுங்கோ, அம்மாவுக்குக் காட்ட வேணும்" என்றார். மாற்றியதை ஓடரிலேயே எழுதிவிட்டு, மெயிலில் அதே மறுமொழியை ஒட்டி அனுப்பினேன்.